குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சில வினாடி மட்டுமே தவறுவது எப்படி, வெப்பநிலை அதை எப்படி மாற்றுகிறது: வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நன்றாக ஓடும் ஒரு சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நாளுக்குப் பத்து வினாடி முந்தும் அல்லது பிந்தும். சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் அதே பத்து வினாடியைத் தவறவிட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, மிச்சமிருக்கும் அந்தச் சில வினாடிகளில் வெப்பநிலையின் பங்கு எவ்வளவு, உங்கள் கையில் உள்ள வாட்சில் அதை எப்படி அளப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கேசியோ எஃப்-91டபிள்யூ எடுத்துக்கொள்கிறோம். வினாடியை எண்ணாகவே காட்டுவதால் அளக்க எளிது, விலையும் குறைவு. அதன் தயாரிப்பாளர் தரும் உறுதி மாதத்துக்கு 30 வினாடி முன்பின். பெரும்பாலான வாட்சுகள் அதைவிட நன்றாகவே ஓடும்.

உள்ளே அதிர்வது என்ன

பின்மூடியைத் திறந்தால் மின்சுற்றின் ஓரத்தில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய, உருளை வடிவ உலோகக் குப்பி ஒன்று தெரியும். அதற்குள் காற்று நீக்கிய வெற்றிடத்தில் ஒரு குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவையைப் போலவே இரண்டு கால்களோடு வெட்டப்பட்டது, நீளம் மட்டும் சில மில்லிமீட்டர். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் இந்தப் பண்பைக் கண்டறிந்தார்கள். வாட்சில் உள்ள சிப் இதைப் பயன்படுத்தி, அந்தக் கவையின் கால்களைத் தொடர்ந்து அதிரவைக்கிறது. வேகம் வினாடிக்கு 32,768 அதிர்வு.

32,768 என்பது இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண். சிப் அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும். முள் வாட்சாக இருந்தால் அந்தத் துடிப்பு ஒரு சிறு மோட்டாரைத் தள்ளும். எண் வாட்சாக இருந்தால் திரையை மாற்றும்.

அதிர்வு வேகமாக இருப்பதால் மட்டும் துல்லியம் வந்துவிடாது. குவார்ட்ஸின் உண்மையான பலம், ஒருமுறை அதிரத் தொடங்கினால் அது தன் ஆற்றலை மிக மெதுவாக இழப்பதில் இருக்கிறது. சாவி வாட்சின் சமநிலைச் சக்கரம் வெளியிலிருந்து தள்ளிவிடாவிட்டால் சில நூறு அலைவுகளுக்குள் அடங்கிப்போகும். குவார்ட்ஸ் கவை பல ஆயிரம் அதிர்வுகள் தாங்கும். அதனால் சிப் அதற்குத் தரவேண்டிய ஊக்கம் மிகக் குறைவு. தள்ளும் கை லேசாக இருந்தால், அந்தத் தள்ளலில் உள்ள பிழையும் தாளத்தைக் கெடுக்காது. சாவி வாட்சில் எண்ணெய் கெட்டியாவது, சுருள் தளர்வது, கையைத் திருப்பும்போது புவியீர்ப்பின் திசை மாறுவது என எல்லாமே வேகத்தைத் தொடுகின்றன. குவார்ட்ஸ் கவைக்கு அவற்றில் பெரும்பாலானவை எட்டுவதே இல்லை.

எட்டுவது வெப்பநிலை.

25 டிகிரிக்கு இருபுறமும் பிந்தும்

வெப்பநிலை மாறும்போது குவார்ட்ஸின் விறைப்பு மாறுகிறது, அதனால் அதிர்வெண்ணும் மாறுகிறது. படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த மாற்றம் கூடும், குறையும். வாட்ச் கவைகளை வெட்டும் கோணம், 25 டிகிரி செல்சியஸ் அருகே மாற்றம் ஏறக்குறைய இல்லாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டது. வாட்ச் ஒருபுறம் தோலைத் தொட்டபடி, மறுபுறம் காற்றில் இருக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் அதன் உள்வெப்பநிலை இந்த எண்ணுக்கு அருகில்தான் நிற்கும்.

அங்கிருந்து விலகினால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு சூத்திரம் சொல்லும். Δf/f என்பது அதிர்வெண் தன்னில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது. T என்பது வாட்சின் வெப்பநிலை. T0 என்பது அந்தப் படிகத்தின் உச்ச வெப்பநிலை, அதாவது அது மிக வேகமாக ஓடும் புள்ளி.

```
Δf/f = −0.034 × 10⁻⁶ × (T − T0)²
```

ஒரு நாளில் 86,400 வினாடி. அதனால் பெருக்கினால் நாளுக்கு இத்தனை வினாடி என்று நேரடியாகக் கிடைக்கும்:

```
இழப்பு = 0.0029 × (T − T0)²
```

இதில் கவனிக்கவேண்டியது அந்த வர்க்கம். உச்சத்திலிருந்து 5 டிகிரி விலகினால் நாளுக்கு 0.07 வினாடி, மாதத்துக்குச் சுமார் 2 வினாடி. 10 டிகிரி விலகினால் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: மாதத்துக்குச் சுமார் 9 வினாடி. 20 டிகிரி விலகினால் 35 வினாடி.

இரண்டாவது விஷயம், வர்க்கத்துக்கு எதிர்மறை கிடையாது. வெயிலிலும் வாட்ச் பிந்தும், குளிரிலும் பிந்தும். சூட்டில் முந்தி, குளிரில் பிந்தி, கடைசியில் ஈடாகிவிடும் என்று பலர் நினைப்பது தவறு. பாதி நாள் 35 டிகிரியிலும் பாதி நாள் 15 டிகிரியிலும் கிடக்கும் வாட்சின் சராசரி வெப்பநிலை 25 தான். ஆனால் அது நாள் முழுக்க 10 டிகிரி விலகலுக்கான இழப்பையே சுமக்கிறது. வெப்பநிலையின் சராசரியைப் பார்த்து வாட்சின் நடத்தையைக் கணிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

அப்படியென்றால் சில வாட்சுகள் முந்துவது எப்படி? அது வெப்பநிலையின் வேலை அல்ல. ஒவ்வொரு படிகமும் தயாரிப்பிலேயே பத்து லட்சத்தில் சில பங்கு கூடவோ குறையவோ அமைகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது மாதத்துக்கு 2.6 வினாடி. ஆகவே ஒவ்வொரு வாட்சுக்கும் இரண்டு எண்கள் உண்டு: உச்ச வெப்பநிலையில் அது நாளுக்கு எவ்வளவு முந்துகிறது, அந்த உச்சம் எத்தனை டிகிரியில் இருக்கிறது. உச்சம் எல்லாப் படிகத்திலும் சரியாக 25-இல் இருக்காது. நான்கைந்து டிகிரி இங்கும் அங்கும் போகலாம். இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடித்துவிட்டால், எந்தப் பருவத்திலும் உங்கள் வாட்ச் எப்படி ஓடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் படி: அறை வெப்பநிலையில் ஒரு வாரம்

தேவையானவை: வாட்ச், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் ஒரு சிறு வெப்பமானி, வினாடிக்கு 60 பிரேம் பிடிக்கும் போன் கேமரா, `time.is` திறந்த ஒரு கணினி. அந்தத் தளம் உங்கள் கணினியின் கடிகாரத்தை நம்பாமல் தன் சர்வரிலிருந்து நேரத்தை எடுத்துக் காட்டும். போனின் மேல்மூலையில் தெரியும் நேரத்தை நம்பி அளக்காதீர்கள். அது ஒரு வினாடி வரை தவறியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

வாட்சைக் கணினித் திரைக்கு முன் பிடித்து, இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி பத்து வினாடி வீடியோ எடுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, வாட்சில் வினாடி எண் மாறும் பிரேமையும் திரையில் அதே எண் வரும் பிரேமையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் 12 பிரேம் இருந்தால் 12 ÷ 60 = 0.20 வினாடி. வாட்ச் முன்னால் மாறினால் கூட்டல் குறி, பின்னால் மாறினால் கழித்தல் குறி. திரைக்கென்று ஒரு சிறு தாமதம் இருக்கும். ஆனால் இரண்டு முறையும் அதே கணினி, அதே கேமரா என்றால் கழிக்கும்போது அது பெரும்பாலும் காணாமல் போய்விடும். கண்ணால் பார்த்துக் கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கும் முறை இதற்குப் போதாது. விரலின் பிழையே கால் வினாடி இருக்கும்.

இப்போது வாட்சைக் கையில் கட்டாமல் மூடிய மேசை இழுப்பறைக்குள் வெப்பமானியோடு ஏழு நாள் வையுங்கள். இழுப்பறை வேண்டும் என்பதற்குக் காரணம், அதற்குள் பகல் இரவு ஏற்ற இறக்கம் வெளியைவிடக் குறைவு. நடுவில் எந்தப் பட்டனையும் அமுக்கவேண்டாம். நேரம் திருத்தும் நிலையில் வினாடி பூஜ்ஜியமாகிவிட்டால் அளவு முழுவதும் வீண்.

ஏழு நாளுக்குப் பின் முதலில் எடுத்த அதே நேரத்தில் மறுபடியும் வீடியோ எடுங்கள். நம் உதாரணத்தில் முதல் அளவு +0.20, இரண்டாவது +2.10 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.90. ஏழால் வகுத்தால் நாளுக்கு +0.27 வினாடி. இழுப்பறையின் வெப்பநிலை 28 டிகிரி.

ஏன் ஒரு வாரம்? ஒவ்வொரு வீடியோவிலும் 0.05 வினாடி பிழை வரலாம். இரண்டையும் சேர்த்தால் 0.1. ஒரே நாளில் அளந்தால் அந்த 0.1 மாதக் கணக்கில் 3 வினாடியாக வீங்கிவிடும். ஏழு நாளில் அது அரை வினாடிக்கும் கீழே இறங்கும்.

இரண்டாவது படி: ஃபிரிட்ஜில் மூன்று நாள்

உச்சத்தைக் கண்டுபிடிக்க, அதிலிருந்து நன்றாக விலகிய இன்னொரு வெப்பநிலை வேண்டும். நம் ஊரில் அதற்கு எளிய வழி ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. கதவுத் தட்டு வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே சூடேறும். ஃப்ரீசர் கூடவே கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே திரை மந்தமாகி எண்கள் ஒன்றன்மேல் ஒன்று தெரியும், செல்லின் மின்னழுத்தமும் விழும்.

வாட்சையும் வெப்பமானியையும் காற்றை வெளியேற்றிய ஒளிபுகும் ஜிப் பையில் போட்டு மூடி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்ததும் பையைத் திறக்காமலே, அதன் வழியாகவே வீடியோ எடுங்கள். குளிர்ந்த வாட்சை ஈரக்காற்றில் உடனே வெளியே எடுத்தால் கண்ணாடிக்கு வெளியே மட்டுமல்ல, சில சமயம் உள்ளேயும் நீர் கோக்கும். பை அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே எடுத்த சில நிமிடச் சூடு கணக்கைப் பாதிக்காது.

நம் உதாரணம் தொடர்கிறது. ஃபிரிட்ஜுக்குள் போகும்போது +2.10. மூன்று நாள் கழித்து −0.48, அதாவது வாட்ச் இப்போது கிட்டத்தட்ட அரை வினாடி பின்னால். இறக்கம் 2.58. நாளுக்கு −0.86. வெப்பநிலை 5 டிகிரி. வாரம் முழுக்க முந்திக்கொண்டிருந்த அதே வாட்ச், வெறும் குளிரால் இப்படிப் பிந்துகிறது.

மூன்றாவது படி: உச்சத்தைக் கணக்கிடுதல்

இரண்டு வெப்பநிலைகளும் (T1, T2) இரண்டு வேகங்களும் (r1, r2) கையில் இருந்தால் உச்சம் இது:

```
T0 = (T1 + T2)/2 − (r1 − r2) / (2 × 0.00294 × (T2 − T1))
```

T1 = 28, r1 = +0.27, T2 = 5, r2 = −0.86 என்று போட்டால் T0 = 24.9 டிகிரி. 28 டிகிரியில் இருந்தபோது உச்சத்திலிருந்து 3.1 டிகிரி விலகல், இழப்பு 0.03. அதை +0.27-உடன் கூட்டினால் உச்சத்தில் வேகம் நாளுக்கு +0.30 வினாடி. இந்த வாட்சின் இரண்டு எண்களும் கிடைத்துவிட்டன: 25 டிகிரி, +0.30.

விடை 20-க்குக் கீழேயோ 30-க்கு மேலேயோ வந்தால் முதலில் வெப்பமானியைச் சந்தேகப்படுங்கள். ஃபிரிட்ஜில் 5 என்று நினைத்தது உண்மையில் 9 ஆக இருந்தாலே விடை கிட்டத்தட்ட நான்கு டிகிரி நகர்ந்துவிடும்.

அன்றாடத்தில் இது எப்படித் தெரியும்

இதே வாட்சை ஒருவர் மே மாதச் சென்னையில் கட்டுகிறார். பதினாறு மணி நேரம் கையில், வாட்சின் வெப்பநிலை 33. இரவு எட்டு மணி நேரம் மேசையில், 32 டிகிரி. கையில் இருக்கும் நேரத்துக்கு இழப்பு நாளுக்கு 0.19 என்ற வேகம், மேசையில் 0.14. நேரத்தால் எடைபோட்டுச் சேர்த்தால் நாளுக்கு 0.17 வினாடி. உச்ச வேகமான +0.30-இலிருந்து கழித்தால் +0.13, மாதத்துக்கு 4 வினாடி முந்தல். ஜனவரியில், அறை 25 டிகிரி அருகே இருக்கும்போது, அதே வாட்ச் மாதத்துக்கு 9 வினாடி முந்தியிருக்கும். கோடையில் வாட்ச் திருந்திவிட்டதாகத் தோன்றுவதற்கு, இயல்பான முந்தலை வெயில் தின்றுவிடுவதே காரணம். முந்தல் இல்லாத வாட்சாக இருந்தால் அதே கோடை அதை மாதத்துக்கு 5 வினாடி பிந்தவைத்திருக்கும்.

டிசம்பர் ஊட்டியில் கணக்கு வேறு. பகலில் கையில் இருக்கும்போது உடம்புச் சூட்டால் வாட்ச் 27 டிகிரி அருகே நிற்கிறது, இழப்பு பொருட்டே இல்லை. இரவில் கழற்றி ஜன்னலோரம் வைத்தால் 8 டிகிரி. 17 டிகிரி விலகல், அதாவது நாளுக்கு 0.85 என்ற வேகத்தில் இழப்பு. அந்த எட்டு மணி நேரத்தில் மட்டும் 0.28 வினாடி போய்விடும். முந்தலும் இழப்பும் ஏறக்குறைய ஈடாகி, வாட்ச் மாதம் முழுக்கச் சரியாக ஓடும். கட்டிக்கொண்டே தூங்கினால் மறுபடி மாதத்துக்கு 9 வினாடி முந்தும். இரவில் வாட்சை எங்கே வைக்கிறோம் என்பதே குளிர்ப் பிரதேசத்தில் முடிவைத் தீர்மானிக்கிறது. சமவெளியில் ஏசி அறையில் 20 டிகிரியில் வைப்பதால் மட்டும் இந்த அளவு வித்தியாசம் வராது. ஒரு இரவுக்கு 0.02 வினாடிதான்.

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் 60 டிகிரி ஏறினால் நாளுக்கு 3.6 வினாடி என்ற வேகத்தில் பிந்தும். நான்கு மணி நேரத்தில் 0.6 வினாடி. இந்த இழப்பைவிட அந்தச் சூடு செல்லுக்கும் திரைக்கும் செய்யும் கேடு பெரிது.

வேகத்தைத் திருத்துவது

பழைய குவார்ட்ஸ் வாட்சுகளில் படிகத்தின் அருகே சிறு திருகு போன்ற ஒரு மாறு மின்தேக்கி இருக்கும். அதைத் திருப்பினால் அதிர்வெண் சிறிதளவு மாறும். தொடுமுன் அதன் நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள். அதற்கு முட்டும் எல்லை கிடையாது, ஒரு முழுச் சுற்றுக்குள் கூடிப் பின் குறையும், குறிக்காமல் திருப்பினால் தொடங்கிய இடம் தெரியாது. உலோக ஸ்க்ரூடிரைவர் தொட்டுக்கொண்டிருக்கும்போது அதுவே வேகத்தை மாற்றும் என்பதால், கருவியை எடுத்தபின் வரும் அளவுதான் கணக்கு.

புதிய வாட்சுகளில் அந்தத் திருகு பெரும்பாலும் இல்லை. படிகத்தை வேண்டுமென்றே சற்று வேகமாகச் செய்து, சிப் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை சில அதிர்வுகளை எண்ணாமல் விடுகிறது. அறுபது வினாடிக்கு ஒரு அதிர்வை விட்டால் நாளுக்கு 0.044 வினாடி குறையும். எத்தனை விடவேண்டும் என்பது தொழிற்சாலையில் பதியப்படுகிறது, வீட்டில் மாற்ற வழியில்லை. பழுது பார்ப்பவர் டைமிங் மெஷினில் வைத்து ஓரிரு வினாடி மட்டும் அளந்து வேகம் அதிகம் என்று சொன்னால் நம்பவேண்டாம். அந்த எண்ணாமல் விடும் கணம் அளவுக்குள் வரவில்லை என்பதே பொருள். பெரும்பாலான வாட்சுக்கு அறுபது வினாடி அளவு வேண்டும்.

திருத்த முடிகிற வாட்ச் என்றால் 25 டிகிரியில் பூஜ்ஜியத்துக்கு வைக்கச் சொல்லாதீர்கள். வெப்பநிலை எப்போதும் பின்னுக்கே இழுக்கும் என்பதால், சென்னை போன்ற ஊரில் கட்டுபவருக்கு நாளுக்கு +0.10 முதல் +0.15 வரை முந்தலாக வைப்பதே ஆண்டு முழுவதுக்கும் நல்லது.

இந்த வளைவைத் தெரிந்துவைத்தே அதை அழிக்கவும் முடியும். சில உயர்ந்த வாட்சுகளில் சிப்பிலேயே ஒரு வெப்பநிலை உணரி உண்டு. அது காட்டும் சூட்டுக்கு ஏற்ப, எண்ணாமல் விடும் அதிர்வுகளின் எண்ணிக்கையைச் சிப் மாற்றிக்கொள்கிறது. கிராண்ட் சீகோவின் 9எஃப் இயந்திரத்தின் பிழை இந்த வழியில் ஆண்டுக்கு 10 வினாடிக்குள் நிற்கிறது. சிட்டிசன் 2019-இல் வெளியிட்ட வாட்ச் கவையையே விட்டுவிட்டு, வெப்பத்துக்கு இயல்பிலேயே குறைவாக அசையும் வேறு வெட்டுப் படிகத்தை வினாடிக்கு 84 லட்சம் முறை அதிரவைத்து, ஆண்டுக்கு ஒரு வினாடி என்ற அளவைத் தொட்டது.

படிகத்தின் பிழை அல்லாதவை

ஒரு வாட்ச் நாளுக்கு அரை நிமிடம் பிந்தினால் வெப்பநிலையைக் குற்றம் சொல்லவேண்டாம். மேலே சொன்ன சூத்திரத்தில் அவ்வளவு பெரிய எண் வர 100 டிகிரி விலகல் வேண்டும். முள் வாட்சில் காரணம் பெரும்பாலும் மோட்டார் சில துடிப்புகளைத் தவறவிடுவது: உலர்ந்த எண்ணெய், தூசி, தீர்ந்துவரும் செல் அல்லது பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் காந்தம். அடையாளம் காண்பது எளிது. படிகத்தின் பிழை நாளுக்கு நாள் ஒரே சீராக, வினாடியின் பின்னங்களாக வளரும். தவறிய துடிப்புகள் முழு வினாடிகளாக, சில நாள் அதிகமாகவும் சில நாள் இல்லாமலும் வரும். வினாடி முள் சில வினாடிக்கு ஒருமுறை சேர்த்துத் தாவினால் பல வாட்சுகளில் அது செல்லை மாற்றச் சொல்லும் குறி.

கீழே விழுந்தபின் வேகம் நிலையாக மாறிவிட்டால் கவை அல்லது அதன் பிடிப்பு அடிபட்டிருக்கிறது. மின்சுற்றில் ஈரம் ஏறினாலும் வேகம் தடுமாறும், சில சமயம் அதிர்வே நின்றுவிடும். புது வாட்சில் முதல் ஆண்டில் வேகம் சிறிது நகர்வது மட்டும் இயல்பு. படிகம் முதுமையடைவது தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கும், ஓராண்டுக்குள் அது பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு போகலாம். ஆகவே புது வாட்சை அளந்து கிடைத்த இரண்டு எண்களில் உச்ச வேகத்தை மட்டும் ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறை, அதே இழுப்பறையில், ஒரு வாரம் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் சோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை.